ஏழு மணி வெயிலில் வேகாத பருப்பு!

முதுகுவலி என்று டாக்டரிடம் போனேன். ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு, "வைட்டமின் டி 14 தான் இருக்கு. 20-க்கு மேலயாவது இருக்கணும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திருச்செங்கோட்டில் தண்ணீருக்குப் பஞ்சம் வரலாம், வெயிலுக்குமா? அதுவும் நான் தினமும் காலை ஏழு மணிக்கு மொட்டை மாடியில் அரை மணி நேரம் நிற்கிற ஆசாமி. 'இளவெயில் உடம்புக்கு நல்லது கண்ணு' என்பது அம்மாவின் உத்தரவு. போதாததற்கு, ஆபீஸில் எனக்கு ஜன்னலோர சீட்.

"ரெண்டுமே பிரயோஜனமில்லைங்க" என்றார் டாக்டர்.

விஷயம் இதுதான். நம் தோலில் 7-டிஹைட்ரோகொலஸ்ட்ரால் என்று ஒரு சரக்கு இருக்கிறது. பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், கொலஸ்ட்ராலின் பங்காளிதான். அதன் மேல் சூரியனின் புற ஊதா 'பி' கதிர் பட்டதும், அதிலுள்ள நாலு வளையங்களில் ஒன்று பட்டென்று திறந்துகொள்கிறது. திறந்த சரக்கு உடம்புச் சூட்டிலேயே மெல்ல உருமாறி வைட்டமின் டி ஆகிறது. பிறகு கல்லீரலும் சிறுநீரகமும் ஆளுக்கொரு கை பார்த்தால்தான் எலும்புக்கு உபயோகம்.

ஆனால் காலை வெயில் சாய்வாக வருகிறது. ஓசோன் படலத்துக்குள் அது கடக்க வேண்டிய தூரம் அதிகம். வழியிலேயே 'பி' கதிரை ஓசோன் விழுங்கிவிடும். வெளிச்சம் வரும், சூடு வரும், பருப்பு மட்டும் வேகாது! ஜன்னல் கண்ணாடியும் இதே வேலையைத்தான் செய்கிறது.

நம்மைப் போலவே வெயிலில் காய்கிற திருப்பதியில் 2007-08-ல் இதைச் சோதித்தே பார்த்தார்கள். அந்தச் சரக்கைச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து, காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை மணிக்கொரு தடவை வெயிலில் வைத்தார்கள். (ஜன்னல் கண்ணாடி இல்லை, இந்தக் கதிரை உள்ளே விடுகிற ரகம்.) அதிகமாக மாறியது பதினொன்றிலிருந்து இரண்டு மணிக்குள்தான்!

"அப்ப மத்தியானம் முழுக்க நின்னுடட்டுமா?"

"தோல்தான் கருகும். ஓரளவு ஆனதும், மிச்சம் வெயில் அதை வேற உதவாத சரக்கா மாத்திடும். வெயில்ல நின்னு யாருக்கும் டி ஜாஸ்தி ஆகாது. மாத்திரையைக் கண்டபடி முழுங்கினாத்தான் ஆகும்."

கறுத்த தோலில் நிறமே குடை பிடிப்பதால், சிவந்த தோலைவிடக் கூடுதல் நேரம் வேண்டுமாம். கடிகாரம் இல்லாதவர்களுக்கு ஒரு சுலபக் கணக்கு: உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் சமையல் நடக்கிறது என்று அர்த்தம்.

இப்போது மத்தியானம் டிபன் பாக்ஸை மூடியதும், சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டு கால்மணி நேரம் டீக்கடை வரை நடை. கூடவே டாக்டர் எழுதிய அளவில் மாத்திரை. மூன்று மாதம் கழித்து எண் 26.

மாத்திரையா, மத்தியான வெயிலா, எதனால் ஏறியது என்று எனக்கே தெரியாது. அம்மாவுக்குத் தெரியும்: "நாந்தான் அப்பவே சொன்னேனே, இளவெயில்னு!"