கோயிலுக்குள் ஓடினான்… பிரெஞ்சில் எப்படிச் சொல்வது?

ஆடித்தபசு நாளில் சங்கரன்கோவில் ரத வீதியில் ஒரு சிறுவன் கூட்டத்துக்குள் புகுந்து கோயிலுக்குள் ஓடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் இது ரொம்ப எளிது: 'ரன் இன்டு'. இதையே பிரெஞ்சில் சொல்லிப் பார்த்தால் சிக்கல் தொடங்கும்.

பிரெஞ்சு கற்பவர்கள் பலரும் ஓடுதலுக்கு 'கூரிர்', உள்ளே என்பதற்கு 'தான்' என்று வார்த்தைக்கு வார்த்தை மாற்றி, 'இல் அ கூரு தான் லெ தாம்ப்ல்' என்று எழுதிவிடுவார்கள். இலக்கணப் பிழை இல்லை. ஆனால் படிக்கும் பிரெஞ்சுக்காரர், பையன் கோயில் பிராகாரத்திலேயே ஓடி விளையாடினான் என்றுதான் பெரும்பாலும் புரிந்துகொள்வார். ஏனென்றால் 'தான்' என்ற முன்னிடைச்சொல்லுக்கு 'கோயிலில்', 'கோயிலுக்குள்' இரண்டும் ஒன்றுதான். வெளியிலிருந்து உள்ளே போனதை வினைச்சொல்தான் சொல்லியாக வேண்டும்.

சரியான வாக்கியம்: 'இல் எ ஆன்த்ரே தான் லெ தாம்ப்ல் ஆன் கூரான்'. அதாவது 'ஓடிக்கொண்டே கோயிலுக்குள் நுழைந்தான்'. நுழைதல் முதன்மை வினையாகிவிட்டது. ஓட்டம் துணைக்குப் போய்விட்டது. 1958-ல் வினே, தார்பெல்னே என்ற இரு மொழியியலாளர்கள் தங்கள் நூலில் இந்த இடமாற்றத்துக்கு 'ஷாசே-க்ரூவாசே' என்று பெயர் கொடுத்தார்கள். நடனத்தில் ஜோடிகள் இடம் மாறி நிற்பதற்கான பெயர் அது!

தமிழருக்கு இது புதிதே இல்லை. 'நீந்திக் கடந்தான்', 'உதைத்துத் திறந்தான்' என்று நாமும் எப்படி நடந்தது என்பதை வினையெச்சத்தில் வைத்து, என்ன நடந்தது என்பதைக் கடைசி வினையில்தானே வைக்கிறோம்? 'ஸ்விம் அக்ராஸ்' பிரெஞ்சில் 'திராவெர்சே ஆ லா நாஜ்', அதாவது நீச்சலில் கடப்பது. கதவை உதைத்துத் திறப்பது, 'ஒரு உதையால் திறப்பது'. ஆகவே ஆங்கில வாக்கியத்தை முதலில் தமிழில் சொல்லிப் பார்த்துவிட்டு பிரெஞ்சுக்குப் போனால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதியில் தமிழும் காலை வாரும். நாம் பஸ்ஸுக்'காக'க் காத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் 'வெயிட் ஃபார்'. இரண்டையும் நம்பி பிரெஞ்சில் 'பூர்' சேர்த்தால் தவறு. 'அத்தான்ர்' என்ற வினைக்குப் பின்னால் 'லெ ப்யூஸ்' நேராக வரும், நடுவே எதுவும் வேண்டாம். வேலை தேடும் 'ஷெர்ஷே'வும் அப்படியே.

'பற்றி' இன்னும் வம்பு. ஊரிலுள்ள அம்மாவைப் பற்றி நினைத்தால் 'பான்சே ஆ'. ஒரு படத்தைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கருத்துக் கேட்டால் 'பான்சே து'. இரண்டுக்கும் நம்மிடம் ஒரே 'பற்றி'தான். அதனால் அகராதியில் வினையை மட்டும் குறித்துக்கொள்ளாமல், பின்னால் வரும் 'ஆ', 'து'வையும் சேர்த்தே நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.