கைக்கு வராத பணம் கடனில் ஏறியது எப்படி?

சி.சி. லிமிட்டைப் புதுப்பிக்கப் போகும் சிறுதொழில்காரரிடம் வங்கி மேலாளர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “செப்டம்பரில் 20 லட்சமாக இருந்த டெர்ம் லோன், மார்ச் மாதம் 21 லட்சத்து 23 ஆயிரம் ஆகியிருக்கிறதே! நாங்கள் புதிதாக எதுவும் கொடுக்கவில்லையே, எப்படி ஏறியது? எழுதிக் கொடுங்கள்.” கடனை மறுசீரமைத்து, சில மாதம் தவணை கட்ட வேண்டாம் என்று அவகாசம் கொடுத்ததும் அதே வங்கிதான். ஆனால் கடனை மாற்றி எழுதிய மேலாளர் மாற்றலாகிப் போயிருப்பார். புதிதாக வந்தவருக்குக் கண்ணில் படுவது கூடிப்போன கடன் மட்டுமே. வேறெங்கோ கடன் வாங்கி மறைக்கிறாரோ என்ற சந்தேகம் வருவது இயல்பு. அதைத் தீர்க்கும் கடிதத்தை எப்படி எழுதுவது என்று பார்ப்போம்.

கணக்குக்காகத் திருப்பூரில் ஒரு தையல் யூனிட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கொரோனா இரண்டாம் அலையின்போது, 2021 மே 5 அன்று, சிறு, குறு, நடுத்தரத் தொழில்களின் கடனை மறுசீரமைக்க ரிசர்வ் வங்கி அனுமதி கொடுத்தது. இந்த யூனிட்டும் அதில் சேர்ந்தது. 2021 செப்டம்பர் 30 அன்று பாக்கி 20,00,000 ரூபாய். வட்டி வருஷத்துக்கு 12 சதவீதம். அக்டோபர் முதல் மார்ச் வரை ஆறு மாதம் தவணை கிடையாது. அந்த ஆறு மாத வட்டியை மார்ச் 31 அன்று தனிக் கடன் கணக்காக மாற்றி, ஏப்ரல் முதல் 12 தவணைகளில் கட்ட வேண்டும் என்பது ஒப்பந்தம். இப்படிக் கட்டாத வட்டியைக் கடனாக்கித் திறக்கும் கணக்கைத்தான் வங்கியில் எஃப்.ஐ.டி.எல். என்பார்கள்.

தவணை நின்றதே தவிர வட்டி நிற்கவில்லை. அக்டோபரில் 20,000 ரூபாய் வட்டி கடனில் ஏறியது. நவம்பரில் 20,00,000 அல்ல, 20,20,000 ரூபாய்க்கு வட்டி போட்டதால் 20,200. இப்படியே ஏறி மார்ச்சில் 21,020 ரூபாய். ஆறு மாதத்துக்கும் சேர்த்து 1,23,040 ரூபாய். வட்டிக்கு வட்டி இல்லாமல் போட்டிருந்தால் 1,20,000தான். மீதி 3,040 ரூபாய் வட்டியின் மேல் விழுந்த வட்டி. இதை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டதே என்று பலரும் வாதாடுவார்கள். 2021 மார்ச்சில் வந்த அந்தத் தீர்ப்பு, 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரையிலான மொரட்டோரியத்துக்கு மட்டும்தான். அதன் பிறகு கையெழுத்திட்ட மறுசீரமைப்புக்கு அது பொருந்தாது. கடிதத்தில் அதைக் கிளப்பினால் சொல்ல வந்த விஷயம் திசைமாறிப் போகும்.

இனி யூனிட்டின் கணக்குப் புத்தகம். பணம் கட்டவில்லையே, எதை எழுதுவது என்று பல இடங்களில் ஆறு மாதமும் எதையும் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். அப்போது புத்தகத்தில் கடன் 20 லட்சமாகவே நிற்கும், லாபம் 1,23,040 ரூபாய் கூடுதலாகத் தெரியும், வங்கி தரும் பாக்கிச் சான்றோடு கணக்கு ஒத்துப்போகாது. இன்னும் சிலர் அந்த வட்டியைத் தையல் மெஷின் விலையோடு சேர்த்துவிடுகிறார்கள். மெஷின் ஓடத் தொடங்கிய பிறகு வரும் வட்டிக்கு அங்கே இடமில்லை. அது அந்தந்த மாதத்துச் செலவு.

சரியான முறை எளிது. மாதா மாதம் வட்டிச் செலவில் பற்று, டெர்ம் லோனில் வரவு. மார்ச் 31 அன்று டெர்ம் லோனில் 1,23,040 ரூபாய் பற்று, எஃப்.ஐ.டி.எல். கணக்கில் அதே தொகை வரவு. டெர்ம் லோன் மறுபடி 20,00,000 ஆகிவிடும். இரண்டு கடனும் வங்கியின் இரண்டு ஸ்டேட்மென்ட்டோடு பைசா சுத்தமாகப் பொருந்தும். எஃப்.ஐ.டி.எல். முழுவதும் ஒரே வருஷத்தில் தீர வேண்டியது என்பதால், பேலன்ஸ் ஷீட்டில் அதை ஒரு வருஷத்துக்குள் கட்ட வேண்டிய கடன்களோடு காட்ட வேண்டும். நீண்டகாலக் கடனில் சேர்த்து நிலைமையை அழகாக்கினால், மேலாளர் தவணை அட்டவணையைப் பார்த்ததுமே பிடித்துவிடுவார்.

கடிதத்தின் உயிரான பகுதி இப்படி இருக்கலாம்:

“மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு, வணக்கம். 31.3.2022 அன்று எங்கள் பேலன்ஸ் ஷீட்டில் உள்ள கடன் 21,23,040 ரூபாயில், டெர்ம் லோன் 20,00,000 ரூபாய், எஃப்.ஐ.டி.எல். 1,23,040 ரூபாய். பின்னது அக்டோபர் 2021 முதல் மார்ச் 2022 வரை தாங்கள் எங்கள் கணக்கில் பற்று வைத்த வட்டி. இந்தக் காலத்தில் புதிய கடனாக எந்தத் தொகையும் எங்கள் கைக்கு வரவில்லை. இந்த வட்டி முழுவதையும் இவ்வாண்டுச் செலவாகவே எழுதியுள்ளோம். எந்தச் சொத்தின் மதிப்பிலும் சேர்க்கவில்லை. நிதி வரத்து அறிக்கையில் இத்தொகையைக் கடன் வரவாகவோ வட்டி கட்டியதாகவோ காட்டவில்லை.”

கடைசி வரியை யாரும் விட்டுவிடக் கூடாது. கடன் ஏறியதை வரவாகவும், வட்டிச் செலவைப் பணம் கட்டியதாகவும் காட்டினால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மொத்தம் சரியாக வந்துவிடும். அதனாலேயே தவறு கண்ணில் படாது. ஆனால் படிக்கிற மேலாளருக்கு, யூனிட் 1,23,040 ரூபாய் கடன் வாங்கி வட்டி கட்டியது போலத் தோன்றும். பழைய கடனின் வட்டிக்குப் புதுக் கடன் வாங்குகிறவர் என்று பெயர் விழுந்தால், லிமிட்டைக் கூட்டிக் கேட்கும்போது அது குறுக்கே நிற்கும்.

வருமான வரியைப் பற்றியும் ஒரு வரி வேண்டும். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 43-பி பிரிவின்படி, வட்டியைக் கடனாக மாற்றினால் அது கட்டியதாக ஆகாது. லாப நட்டக் கணக்கில் செலவாக எழுதியிருந்தாலும், வரிக் கணக்கில் 1,23,040 ரூபாயைத் திரும்பக் கூட்டிக்கொள்ள வேண்டும். ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசித் தேதிக்குள் உண்மையில் கட்டிய பகுதி அந்த வருஷத்திலேயே கழியும். மற்றது கட்டுகிற வருஷத்தில் கழியும். வரிக்கான லாபம் ஏன் பேலன்ஸ் ஷீட் லாபத்தைவிடக் கூடுதலாக இருக்கிறது என்று மேலாளர் கேட்கும் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

இங்கேதான் தனிக் கணக்கின் அருமை தெரிகிறது. எஃப்.ஐ.டி.எல். தனியாக இருந்தால், மாதம் கட்டும் அசல் சுமார் 10,253 ரூபாயும் பழைய வட்டிதான் என்று வங்கி ஸ்டேட்மென்ட்டே சாட்சி சொல்லும். பழைய கடனோடு கலந்துவிட்டால், கட்டிய தவணையில் எவ்வளவு பழைய வட்டி, எவ்வளவு அசல் என்று வருமான வரி அதிகாரியிடம் நிரூபிப்பது பெரும்பாடு. அதனால் மறுசீரமைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே தனிக் கணக்கு திறக்கச் சொல்லிக் கேளுங்கள். வங்கி ஒப்பாவிட்டால், எந்தத் தவணையில் எவ்வளவு பழைய வட்டி தீர்கிறது என்று அவர்களிடமே எழுத்தில் வாங்குங்கள்.

கடிதத்தோடு மறுசீரமைப்பு அனுமதிக் கடிதம், இரண்டு கணக்குகளின் ஸ்டேட்மென்ட், புதிய தவணை அட்டவணை ஆகியவற்றின் நகலை இணையுங்கள். இன்னொரு பிரதியில் வங்கி முத்திரையும் தேதியும் வாங்கிக் கோப்பில் வையுங்கள். அடுத்து வரும் மேலாளரும் இதே கேள்வியைக் கேட்பார்.