பாயசம் குடித்த கால்மணி நேரத்தில்

இரைப்பையில் வந்த புற்றுநோய்க்காக அதன் கீழ்ப்பகுதியை வெட்டியெடுத்து, மீதியைச் சிறுகுடலோடு இணைத்திருக்கிறார்கள் ஒருவருக்கு. புண் ஆறிவிட்டது. இரண்டு மாதம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் சோறு கொஞ்சமாகச் சாப்பிட்டுவிட்டு, ஆசைக்கு ஒரு டம்ளர் பாயசம் குடிக்கிறார். கால்மணி நேரத்தில் வயிறு உப்பிக் கடமுட என்கிறது, சுருட்டிப் பிடிக்கிறது. சட்டை நனையும் அளவுக்கு வியர்வை, நெஞ்சு படபடப்பு, எங்கேயாவது படுத்தால் போதும் என்ற தவிப்பு. பின்னாலேயே வயிற்றுப்போக்கு. பக்கத்திலிருப்பவர்கள், "சுகர் இறங்கியிருக்கும், ஒரு ஜிலேபியை வாயில போடுங்க" என்கிறார்கள். நல்ல எண்ணம்தான்; ஆனால் தப்பான வைத்தியம். இது டம்பிங் சின்ட்ரோம் என்ற தொல்லை. ஜிலேபி அதைக் கூட்டும்.

வாசலில் ஆள் இல்லை

இரைப்பையின் அடிவாயில் பைலோரஸ் என்ற தசை வளையம் இருக்கிறது. அது, சாப்பாட்டை நன்றாக அரைபட்ட பிறகே கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்குள் விடும் காவல்காரன். மேலே சொன்ன அறுவை சிகிச்சையில் அந்த வளையமே போய்விடுகிறது. உடல் எடையைக் குறைக்கச் செய்யும் பைபாஸ் அறுவையில் அது உடம்புக்குள்ளேயே இருந்தாலும், உணவு அந்தப் பக்கம் போவதில்லை. இரண்டிலும், விழுங்கியது நேராகக் குடலில் கொட்டுகிறது.

அப்படிக் கொட்டுவது சர்க்கரைக் கரைசலாக இருந்தால்தான் சிக்கல் பெரிது. ரத்தத்தைவிட அடர்த்தியான அந்தக் கரைசல், ரத்தக் குழாய்களிலிருந்து நீரைக் குடலுக்குள் இழுக்கிறது. நாம் போடும் வெள்ளைச் சர்க்கரையின் ஒவ்வொரு மூலக்கூறும் சிறுகுடலில் இரண்டாகப் பிளவுபடுவதால் இழுவிசை இன்னும் ஏறுகிறது. குடல் விரிந்து வலிக்கிறது, கடைசியில் பேதியாகிறது.

நீர் குறைந்ததுதான் படபடப்புக்கும் காரணம் என்று வெகுகாலம் நினைத்தார்கள். ஆனால், நரம்பு வழியாகத் திரவம் ஏற்றினாலும் இந்தத் தொல்லை நிற்பதில்லை. திடீர் வெள்ளத்தைக் கண்ட குடல் சுரக்கும் ஹார்மோன்கள் வயிற்றுப் பகுதி ரத்தக் குழாய்களை விரித்துவிடுகின்றன. ரத்தம் அங்கே தேங்க, இதயம் வேகமாக அடிக்கிறது.

கடிகாரம் சொல்லும் வித்தியாசம்

சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள், பெரும்பாலும் 10 முதல் 30 நிமிடத்தில் வருவது முந்திய டம்பிங். அப்போது ரத்தச் சர்க்கரை பொதுவாகக் குறைந்திருக்காது. 1 முதல் 3 மணி நேரம் கழித்து, வயிற்றுவலி இல்லாமல் நடுக்கம், வியர்வை, பசி, மனக்குழப்பம் வந்தால் அது பிந்திய டம்பிங். சர்க்கரை வேகமாக ஏறியதைக் கண்டு உடம்பு அளவுக்கு மீறி இன்சுலினைச் சுரந்ததால், இங்கே உண்மையிலேயே சர்க்கரை இறங்கியிருக்கும். இரண்டும் ஒரே ஆளுக்கு வரலாம். ஊகிப்பதைவிட, அந்த நேரத்தில் குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு ரத்தம் வைத்துப் பார்ப்பது மேல். 70-க்குக் கீழே இருந்தால் மட்டும் கொஞ்சம் குளுக்கோஸ், பிறகு முட்டையோ சுண்டலோ. முந்தியதென்றால் படுத்துக்கொள்வதே முதலுதவி.

சந்தேகம் தீராவிட்டால் டாக்டர்கள் வெறும் வயிற்றில் குளுக்கோஸ் கரைசல் கொடுத்து, நாடித்துடிப்பையும் சர்க்கரையையும் 3 மணி நேரம் வரை பார்ப்பார்கள். முதல் அரைமணியில் நாடி நிமிடத்துக்கு 10 துடிப்புக்கு மேல் கூடுவது முந்திய டம்பிங்குக்கு அடையாளம்.

கஞ்சியும் கருப்பட்டியும்

ஆபரேஷன் ஆனவருக்கு லேசாக ஏதாவது கொடுக்கலாம் என்று வீட்டில் சர்க்கரை போட்ட கஞ்சி, ஜூஸ், மால்ட் பானம் என்று நீட்டுவார்கள். டம்பிங் உள்ளவருக்கு இவைதான் கனமானவை. குடலுக்குள் மிக வேகமாக இறங்குகிறவை. கருப்பட்டி, தேன், நாட்டுச் சர்க்கரை என்று மாற்றுவதிலும் பயனில்லை. குடலுக்கு எல்லாம் இனிப்புக் கரைசல்தான்.

நம் கல்யாண வீட்டுக்காரர் செய்யக்கூடியது இது: மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரிப்பது. ஒரு தடவைக்கு இரண்டு இட்லியும் ஒரு முட்டையும் போதும். ரசம், மோர், தண்ணீர் எதையும் சாப்பாட்டோடு சேர்க்காமல் அரைமணி கழித்துக் குடிப்பது. மெதுவாக மென்று தின்பது. முந்திய டம்பிங் தொல்லை அதிகமென்றால் சாப்பிட்டதும் அரைமணி நேரம் சாய்ந்து படுப்பது.

பெரும்பாலோருக்கு இதுவே போதும். மாதங்கள் போகப் போகத் தானாகவும் தணியும். அடங்காத பிந்திய டம்பிங்குக்கு, மாவுச்சத்து செரிப்பதைத் தாமதப்படுத்தும் அகார்போஸ் மாத்திரை உண்டு. அதற்கும் மேல் ஆக்ட்ரியோடைடு ஊசி. குடல் ஹார்மோன்களை அடக்கும், ஆனால் நாளடைவில் பித்தப்பையில் கல் உண்டாக்கலாம். சாப்பாட்டோடு சம்பந்தமில்லாமல் நடு இரவில் எழுப்பும் பேதி, காய்ச்சல், மலத்தில் ரத்தம் இவையெல்லாம் டம்பிங் கணக்கில் வராதவை. இவற்றுக்கு உடனே டாக்டரைப் பார்த்து வேறு காரணம் தேட வேண்டும்.