பேசாத பேச்சுக்கு ஒரு பதில்

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஒருவருக்கு, "Re: போன வாரம் பேசிய ரேட்" என்ற தலைப்பில் ஒரு மின்னஞ்சல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டு பையரின் பதிலாக இருக்குமோ என்று கைவேலையை விட்டுவிட்டுத் திறக்கிறார். "அண்ணா, நலமா? உங்களுக்காக எடுத்துவைத்த சலுகை இன்று இரவோடு முடிகிறது" என்று யாரோ கணக்கு மென்பொருள் விற்கிறார். அந்த ஆளிடம் இவர் பேசியதே இல்லை.

இதைச் சாமர்த்தியம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதை ஏமாற்று என்றே சொல்வேன். நம்மை நம்பி எழுதியவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்ற நல்ல குணத்தைத்தான் அது பயன்படுத்திக்கொள்கிறது.

போலியைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. உண்மையான பதில் பெரும்பாலும் பழைய கடிதத்தோடு ஒரே கோவையாகச் சேர்ந்து வரும். ஐயம் இருந்தால் ஜிமெயிலில் "Show original" என்பதைத் திறந்து, `In-Reply-To` என்ற வரியைத் தேடுங்கள். எந்தக் கடிதத்துக்குப் பதில் என்பதற்கான அடையாள எண் அதில் இருக்கும். தலைப்பில் "Re:" என்று வெறுமனே தட்டியவரின் கடிதத்தில் பெரும்பாலும் அந்த வரியே இருக்காது. அதையும் போலியாகச் சேர்க்க முடியும் என்பதால், அனுப்பிய பெட்டியில் உங்கள் பழைய கடிதம் இருக்கிறதா என்று பார்ப்பதே உறுதியான வழி.

பொய்க் கெடு நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அமெரிக்காவின் ஓல்டு நேவி துணிக்கடை, சலுகை இன்றோடு முடிகிறது என்று தலைப்பு போட்டுவிட்டுப் பிறகும் சலுகையைத் தொடர்ந்தது என்பது வாடிக்கையாளர்களின் புகார். அந்தப் புகார் உண்மையா என்பதை வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் தீர்மானிக்கவில்லை. ஆனால் விளம்பர மின்னஞ்சலின் தலைப்பில் எந்தப் பொய்த் தகவலும் இருக்கக் கூடாது என்பதே மாநிலச் சட்டத்தின் பொருள் என்று 2025 ஏப்ரலில் சொன்னது. இந்தியாவிலும் 2023-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு வழிகாட்டுதல்கள், பொய்யான அவசரத்தை முறையற்ற உத்திகளின் பட்டியலில் வைத்துள்ளன.

அனுப்புகிறவர் ஏன் விடமாட்டேன் என்கிறார்? திறந்தவர்களின் எண்ணிக்கை ஏறுவது அவருக்குத் தெரிகிறது. திறந்தவர் எரிச்சலோடு மூடியது அந்தக் கணக்கில் வராது. அவர் "ஸ்பேம்" என்று அழுத்தினால் மட்டும் வேறொரு கணக்கில் ஏறும். மொத்தமாக அனுப்புவோரின் ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்கிறது கூகுள். ஆயிரத்துக்கு மூன்று பேர் போதும்; அதன்பின் அந்த நிறுவனத்தின் நேர்மையான ரசீதும் இன்வாய்ஸும்கூட ஸ்பேம் பெட்டியில் விழக்கூடும். ஏற்றுமதியாளருக்கும் நஷ்டம்தான். அடுத்த முறை பையரே "Re:" என்று எழுதினாலும் தயங்கித்தான் திறப்பார்.

முன்பின் தெரியாதவருக்கு எழுதுகிறீர்களா? நீங்கள் யார், எதற்காக எழுதுகிறீர்கள், முகவரி எங்கே கிடைத்தது என்பதை முதல் இரண்டு வரிகளிலேயே சொல்லிவிடுங்கள். மறுநாள் கேட்பவருக்கு "முடிந்துவிட்டது" என்று சொல்லத் தயாராக இருந்தால் மட்டும் கெடுத் தேதியைப் போடுங்கள்.