வாடாமல்லிச் சேலைக்கு யார் படம் எடுப்பது?

மதுரை மாசி வீதிகளில் ஒன்றில் சின்னதாக ஒரு சுங்குடிக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். நடத்துவது ஒரு அம்மா, உதவிக்கு ஒரு பெண். வியாபாரத்தில் பாதி கடைக்கு நேரில் வருகிறவர்களால் நடக்கிறது. மீதிப் பாதி, வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் படத்தைப் பார்த்துவிட்டுப் பணம் அனுப்புகிறவர்களால். அந்தப் பாதிக்குப் படம்தான் கடை.

அவர் முன்னால் இப்போது இரண்டு வழிகள். புகைப்படக்காரரை அழைத்து, மாடல் வைத்து, முறையாக எடுப்பது ஒன்று. மடித்து வைத்த சேலையைக் கைபேசியில் ஒரு படம் எடுத்து ஏ.ஐ. செயலியிடம் கொடுத்தால், கோயில் பிரகாரத்தில் ஒரு பெண் அதை உடுத்தி நிற்பது போல அரை நிமிடத்தில் அது உருவாக்கித் தருகிறதே, அது மற்றொன்று. எது மலிவு என்று கேட்டால் குழந்தைகூடப் பதில் சொல்லிவிடும். ஆனால் ஒரு படத்துக்கு எவ்வளவு ஆகிறது என்பதைவிட, அந்த ஒரு படம் எத்தனை சேலையை விற்கப் போகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சேலை விலை 1,100 ரூபாய், அதில் கடைக்கு நிற்பது 300 ரூபாய் என்று கொள்வோம். புகைப்படக்காரர், மாடல், மேக்கப் எல்லாம் சேர்த்து ஒரு நாளுக்கு 20,000 ரூபாய், அந்த ஒரு நாளில் 25 சேலைகள் எடுக்கலாம் என்றால், சேலைக்கு 800 ரூபாய் விழுகிறது. கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய சேலை பெரும்பாலும் அந்த நிறத்தில், அந்த அமைப்பில் ஒன்றோ இரண்டோதான் வரும். லாபமே 300 ரூபாயாக இருக்கும் ஒற்றைச் சேலைக்கு 800 ரூபாயில் படம் எடுக்க முடியாது. ஆனால் அதே கடையில் மெழுகு அச்சுப் போட்ட சேலைகளும் உண்டு. ஒரே டிசைனில் 20 உருப்படி வரும், தீர்ந்தால் மறுபடி சொல்லி வரவழைக்கலாம். அதே 800 ரூபாயை 20 சேலைக்குப் பங்கிட்டால், சேலைக்கு 40 ரூபாய்தான். ஆகவே புகைப்படக்காரர் கட்டுப்படியாவாரா என்பதை அவர் கேட்கும் தொகையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கடையின் ஸ்டாக் புத்தகத்தையும் திறந்து பார்க்க வேண்டும்.

ஒற்றை உருப்படிகளுக்கு இன்னொரு சங்கடமும் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை வந்த சரக்கு அன்று மாலையே குழுவில் போக வேண்டும். புகைப்படக்காரரின் தேதி கிடைத்து, எடுத்து, திருத்தி அனுப்புவதற்குள் பாதிச் சேலைகள் கடையிலேயே விற்றுப்போயிருக்கும்.

இந்த இடத்தில்தான் ஏ.ஐ. செயலி கைகொடுக்கும் என்று தோன்றும். அது என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

சுங்குடியின் உயிர் அதன் புள்ளி. துணியைச் சிட்டிகையாகக் கிள்ளி, நூலால் இறுக்கிக் கட்டி, சாயத்தில் முக்குகிறார்கள். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. பிரித்தால் அங்கே ஒரு புள்ளி. கைவிரல் போட்ட முடிச்சு என்பதால் எந்த இரண்டு புள்ளியும் அச்சாக ஒன்றுபோல் இருக்காது. ஒன்று வட்டமாக, அடுத்தது சற்றுச் சதுரமாக இருக்கும், ஓரத்தில் சாயம் லேசாகக் கசிந்திருக்கும். மதுரைச் சுங்குடிக்கு 2005-ல் கிடைத்த புவிசார் குறியீடும் இந்தப் பாரம்பரியத்துக்குத்தான். விவரம் தெரிந்தவர்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது இந்த ஒழுங்கின்மையைத்தான். கைமுடிச்சா, அச்சா என்பதை அதை வைத்தே கண்டுபிடிக்கிறார்கள்.

படம் உருவாக்கும் செயலி அந்தச் சேலையை எடுத்து ஒரு பெண்ணுக்கு உடுத்திவிடுவதில்லை. நாம் கொடுத்த படத்தைப் பார்த்து, இதுவரை கற்ற எண்ணற்ற படங்களின் பழக்கத்தில், துணியைப் புதிதாக வரைகிறது. வரையும்போது புள்ளிகளை நேராக்கி, ஒரே அளவாக்கி, ஒரே இடைவெளியில் அடுக்கிவிடும். கைமுடிச்சுச் சேலை படத்தில் அச்சுச் சேலையாகிவிடுகிறது. பருத்திக்குப் பட்டின் மினுமினுப்பு வந்துவிடும். இதைவிடப் பெரிய கோளாறு முந்தானையில் நடக்கும். மடித்த சேலையில் முந்தானை உள்ளே இருக்கிறது, செயலி அதைப் பார்க்கவே இல்லை. ஆனாலும் தோளிலிருந்து விழும் முந்தானையை வரைந்துதான் ஆக வேண்டும். ஆகவே தானாக ஒன்றைக் கற்பனை செய்கிறது. ஒற்றைக் கோடு போட்ட எளிய முந்தானை, படத்தில் அகலமான ஜரிகை முந்தானையாக வந்து நிற்கும். ரவிக்கைத் துணி இல்லாத சேலைக்குப் பொருத்தமான ரவிக்கையும் சேர்ந்து வரும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அப்படி ஒரு சேலை அந்தக் கடையில் கிடையாது.

இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. சேலையை முழுதாக விரித்து எடுத்த அசல் படத்தையும், செயலி தந்த படத்தையும் கைபேசியில் அடுத்தடுத்து வைத்து, ஒரு பக்கக் கரையை மட்டும் பெரிதாக்குங்கள். கரைக்கும் முதல் வரிசைப் புள்ளிக்கும் நடுவே உள்ள இடைவெளி, கரையில் ஓடும் கோடுகளின் எண்ணிக்கை, கரை முந்தானையோடு சேரும் மூலை ஆகிய மூன்றையும் ஒப்பிட்டால் போதும். பின்னணியை மட்டும் மாற்றிய படமாக இருந்தால், இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்க்கும்போது துணி அசையாமல் நிற்கும். புள்ளிகள் இடம் மாறினால் துணி புதிதாக வரையப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அந்தப் படத்தை விற்பனைக்குப் போடக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

நிறம் தனிக் கதை. மெரூன், அரக்கு, எம்.எஸ். நீலம், வாடாமல்லி என்று சுங்குடியில் வருவதெல்லாம் ஆழமான நிறங்கள். இவற்றில் வாடாமல்லி கேமராவைப் படுத்தும் நிறம். சாதாரணக் கைபேசிப் படத்திலேயே அது ஒரு சமயம் ரோஜா நிறமாகவும் இன்னொரு சமயம் கத்திரிப்பூ நிறமாகவும் விழும். காரணம் பெரும்பாலும் வெளிச்சம்தான். கடைக்குள் டியூப்லைட் ஒரு பக்கம், வாசல் வெயில் ஒரு பக்கம் என்று இரண்டு வெளிச்சம் கலந்தால், எது வெள்ளை என்று கேமராவுக்குக் குழப்பம் வந்துவிடுகிறது. தவறாக விழுந்த அந்த நிறத்தை ஏ.ஐ. செயலியிடம் கொடுத்தால், மாலை வெயில் பிரகாரத்துக்கு ஏற்ப அதன்மேல் இன்னொரு பொன்னிறத்தைப் பூசித் தரும். தவறு இரட்டிப்பாகிறது.

நிறம் மாறிப்போன சேலை என்ன செலவு வைக்கும்? கூரியர் போக 70, வர 70, மறுபடி கட்ட 20 என்று கொண்டால் ஒரு ரிட்டர்னுக்கு 160 ரூபாய். ஒரு சேலையின் லாபத்தில் பாதிக்கு மேல் போயிற்று. திரும்பி வந்த துணிக்கு மறுபடி மடிப்பு எடுக்க வேண்டும். பண்டிகைச் சமயமாக இருந்தால் போய் வந்த பத்து நாளில் அதன் நேரமே முடிந்திருக்கும். “அக்கா, படத்துல வாடாமல்லியா இருந்துச்சு, வந்தது ரோஸாட்டம் இருக்கே” என்று எழுதிக் கேட்கிறவர்களிடமாவது மன்னிப்புச் சொல்லலாம். பல பேர் கேட்கவே மாட்டார்கள். சேலையை வைத்துக்கொண்டு, அடுத்த முறை வேறு கடைக்குப் போய்விடுவார்கள். இந்த நஷ்டம் எந்தக் கணக்கிலும் வராது.

சட்டமும் வாங்குகிறவர் பக்கம்தான். 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளைத் தவறாக விவரிக்கும் விளம்பரத்தைத் தவறான விளம்பரம் என்கிறது. 2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி, இணையத் தளங்களில் விற்பவர், விளம்பரத்தில் காட்டிய தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. படத்தை வரைந்தது செயலி என்று சொல்லித் தப்பிக்க முடியாது. போட்டது கடைக்காரர்.

அப்படியானால் ஒற்றைச் சேலைக்கு வழி? படம் எடுப்பதை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம், துணியை உருவாக்குவதைத்தான் விட வேண்டும். மொட்டை மாடியில் நேர் வெயில் படாத நிழல், இல்லையென்றால் வெயில் நேராக விழாத ஜன்னல் ஓரம் போதும். காலை 9 மணியிலிருந்து 11 மணி வரை வெளிச்சம் அவ்வளவாக மாறாது. விளக்குகளை அணைத்துவிட வேண்டும். முதல் படத்தில் சேலையோடு ஒரு வெள்ளைத் தாளையும் வைத்து எடுத்து, தாள் வெள்ளையாகத் தெரியும்படி நிறத்தைச் சரிசெய்து, அதே அளவை அன்றைய எல்லாப் படத்துக்கும் வைக்கலாம். முழுச் சேலை, முந்தானை, கரை, பிறகு புள்ளியை மட்டும் ஒரு ரூபாய் நாணயத்தோடு கிட்டத்தில் ஒன்று. போடுவதற்கு முன் கைபேசியைச் சேலையின் பக்கத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்கு வேறாகத் தெரிந்தால், “நேரில் இன்னும் கொஞ்சம் அடர்த்தி” என்று எழுதிவிடலாம். இதற்கு மேல் ஏ.ஐ. செயலிக்கு ஒரு வேலை கொடுக்கலாம்: பின்னால் தெரியும் தண்ணீர்த் தொட்டியையும் கொடிக்கயிற்றையும் எடுத்துவிட்டு வெறும் சுவரை வைப்பது. பழகிய கைக்கு ஒரு சேலைக்குப் பத்து நிமிடம் ஆகும். வரைய வைத்து, தப்பு கண்டுபிடித்து, மறுபடி வரைய வைக்கும் நேரத்தைவிட இது குறைவு.

புகைப்படக்காரரை அச்சு டிசைன்களுக்கு அழைக்கலாம், தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பாக. பேசும்போதே சில விஷயங்களை எழுத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் முதல் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கே. ஆகவே அவர் நீட்டும் தாளில் வேறு ஏதாவது எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும். மாடலின் முகத்தை எத்தனை வருடம், எங்கெல்லாம் பயன்படுத்தலாம் என்பதும் அந்தத் தாளில் வர வேண்டும். படத்தைத் திருத்தும்போது சேலையில் ஒரு துண்டையாவது அவர் பக்கத்தில் வைத்திருக்கச் சொல்லுங்கள். நினைவை நம்பி நிறம் திருத்தினால் நல்ல புகைப்படக்காரருக்கும் வாடாமல்லி தப்பும்.

மிச்சம் இருப்பது விளம்பரப் படம். ‘சித்திரைத் திருவிழாத் தள்ளுபடி’ என்று ஒரு போஸ்டர், அதில் சுங்குடி கட்டிய ஒரு பெண். விலை போடவில்லை, டிசைன் எண் போடவில்லை, இதை உருவாக்கினால் என்ன என்று கேட்கலாம். வாடிக்கையாளர் அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து “இது ஒண்ணு எடுத்து வைங்க” என்றுதான் அனுப்புவார். அதனால் போஸ்டரில் கோபுரம், பூ, விளக்கு எதை வேண்டுமானாலும் செயலி வரையட்டும். சேலை வருவதாக இருந்தால், கடை அலமாரியில் அன்றைக்கு இருக்கிற சேலையின் அசல் படத்தை ஒட்டிக்கொள்ளலாம்.