"செத்துடுவேன் போல இருக்கு" என்று நண்பர் சொன்னால்...

அம்மையார்குப்பத்திலிருந்து திருத்தணிக்குப் பஸ்ஸில் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் இருக்கும் நண்பருக்குத் திடீரென மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. "செத்துடுவேன் போல இருக்கு" என்கிறார். முன்பே டாக்டர் பரிசோதித்து, 'பேனிக் அட்டாக்' என்று சொல்லியிருக்கிறார்.

நம் வாயில் முதலில் வருவது, "ஒண்ணுமில்லப்பா, பயப்படாதே." ஆனால் அவர் இதயம் வேகமாக அடிப்பது நிஜம். நாம் அவரை நம்பவில்லை என்றே அவருக்குத் தோன்றும். "ஈமான் பலவீனம்" என்பது அதைவிட மோசம். பயத்தோடு குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொள்ளும்.

"நான் இங்கேயே இருக்கேன். போன தடவை மாதிரி இதுவும் அடங்கிடும்" என்று தாழ்ந்த குரலில் சொல்வோம். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு மெல்ல இறங்கும். தொடுவதற்கு முன், "கையைப் பிடிச்சுக்கட்டுமா?" என்று கேட்போம்.

"நல்லா மூச்சை இழு" என்பதும் வேண்டாம். அவர் ஏற்கெனவே அளவுக்கு மீறி மூச்சு விடுகிறார். அதனால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துதான் தலை சுற்றுகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன. "என்னோட சேர்ந்து மெதுவா மூச்சை வெளியே விடுங்க" என்று சொல்லி, நாமும் நீளமாக விட்டுக் காட்டுவோம். அவராகவே திக்ரு ஓதத் தொடங்கினால் அதே நிதானத்தில் கூட ஓதலாம். "ஏன் வந்துச்சு?" என்ற விசாரணையை அன்றைக்கு விட்டுவிடுவோம்.

முதல் தடவையாக வந்தாலோ, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, மயங்கினாலோ, பதற்றம்தான் என்று நாமே முடிவு செய்யக் கூடாது, உடனே 108. அடிக்கடி வருகிறது என்றால், அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம்.