கொலஸ்டிரால் செல்லுக்குள் நுழைவது எப்படி?

1984ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், ஆறு வயதுச் சிறுமி ஒருத்திக்கு ஒரே அறுவையில் இதயமும் கல்லீரலும் மாற்றிப் பொருத்தப்பட்டன. இதயத்தை மாற்றியதன் காரணம் எளிதில் விளங்கும். அதன் இரத்தக் குழாய்களில் கொலஸ்டிரால் படிந்து அடைத்துப் போயிருந்தது. ஆனால் கல்லீரலை ஏன் மாற்ற வேண்டும்? அந்தக் கல்லீரல் செல்களின் மேற்பரப்பில் ஒரே ஒரு வகைப் புரதம் வேலை செய்யவில்லை என்பதே அதற்குக் காரணம். அந்தப் புரதம் என்ன, அது எவ்வாறு வேலை செய்கிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

கொலஸ்டிரால் என்றாலே நமக்கு அச்சந்தான் தோன்றுகிறது. ஆனால் அது இல்லாமல் எந்தச் செல்லும் தன் சவ்வைக் கட்டிக்கொள்ள முடியாது. அது நீரில் கரையாத பொருள். ஆகவே இரத்தத்தில் தனியே மிதந்து செல்ல இயலாது. இதற்காக உடல் ஒரு பொட்டலம் கட்டுகிறது. அதுதான் எல்.டி.எல். என்னும் சிறு உருண்டை. இதன் குறுக்களவு சுமார் 22 நானோமீட்டர்; அதாவது ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறத்தாழ 45,000 உருண்டைகளை வரிசையாக அடுக்கி விடலாம். உருண்டையின் நடுவில் கொழுப்பு அமிலத்துடன் இணைந்த கொலஸ்டிரால் மூலக்கூறுகள் சுமார் 1,500 இருக்கின்றன. வெளித்தோலில் இன்னும் சுமார் 500 தனிக் கொலஸ்டிரால் மூலக்கூறுகள் உள்ளன. இவற்றைச் சுற்றி ஒரு பெரிய புரதம் கயிறு போலக் கட்டியிருக்கிறது. பொட்டலத்தின் மேல் எழுதிய முகவரியும் இந்தப் புரதமே.

சிலருக்குப் பிறவியிலேயே இரத்தத்தில் எல்.டி.எல். மிகுந்திருக்கும். தாய் தந்தையரில் ஒருவரிடமிருந்து பழுதான மரபணுவைப் பெற்றவர்கள் ஏறத்தாழ 250 பேருக்கு ஒருவர். இவர்களுக்கு எல்.டி.எல். இரு மடங்கு அளவில் இருக்கும். மருத்துவம் செய்யாவிட்டால் நடுவயதிலேயே மாரடைப்பு வரலாம். இருவரிடமிருந்தும் பழுதான மரபணுவைப் பெறுவோர் மிகச் சிலரே. ஆனால் அவர்கள் நிலை மிகக் கொடியது. எல்.டி.எல். ஆறு மடங்குக்கும் மேலே போய், முழங்கை, முழங்கால் தோலில் மஞ்சள் நிறக் கொழுப்புத் திட்டுகள் தோன்றி, பள்ளிப் பருவத்திலேயே மாரடைப்பு வந்து விடுகிறது. முதலில் கூறிய சிறுமி இவர்களில் ஒருத்தி.

இந்த நோயின் மூலத்தைத் தேடி 1972இல் டெக்சாஸ் மாநிலத்தின் டல்லாஸ் நகரில் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்னும் இரு மருத்துவர்கள் ஆய்வைத் தொடங்கினார்கள். நோயாளியின் தோலிலிருந்து சிறு துணுக்கை எடுத்து, அதன் செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்தார்கள். செல் தனக்கு வேண்டிய கொலஸ்டிராலைத் தானே தயாரித்துக்கொள்ளவும் வல்லது. அதற்கென ஒரு நொதி இருக்கிறது. நலமுள்ளவரின் செல்களுக்கு எல்.டி.எல். ஊற்றினால், “வெளியிலிருந்து வருகிறதே, நாம் ஏன் உழைக்க வேண்டும்” என்பது போல அந்த நொதி அடங்கி விடுகிறது. நோயாளியின் செல்களிலோ எவ்வளவு ஊற்றினாலும் நொதி அடங்கவில்லை.

அப்படியானால் நொதியில்தான் பழுதோ? அதையும் சோதித்தார்கள். எல்.டி.எல். உருண்டையிலிருந்து கொலஸ்டிராலை மட்டும் பிரித்தெடுத்து, எத்தில் ஆல்கஹாலில் கரைத்து ஊற்றினார்கள். இந்த வடிவில் அது சவ்வின் வழியே தானாகவே உள்ளே புகுந்து விடும். உடனே நோயாளியின் செல்களிலும் நொதி அடங்கியது! உள்ளே இருக்கும் பொறியில் குறையில்லை. பொட்டலம் நுழையும் வாயிலில்தான் குறை என்பது தெளிவாயிற்று. பிறகு கதிரியக்க அயோடினால் அடையாளமிட்ட எல்.டி.எல்.லைக் கொண்டு பார்த்தபோது, நலமுள்ள செல்லின் மேற்பரப்பில் அதைப் பற்றிப் பிடிக்கும் புரதம் ஒன்று இருப்பதும், நோயாளியின் செல்லில் அது இல்லாததும் தெரிந்தன. இதுவே எல்.டி.எல். ஏற்பி. இவ்வாய்வுகளுக்காக இருவருக்கும் 1985ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது.

பிடித்துக்கொண்டால் மட்டும் போதுமா? உள்ளே கொண்டு போக வேண்டுமல்லவா? இதற்கான விடை, கொலஸ்டிராலுக்குச் சற்றும் தொடர்பில்லாத ஓரிடத்தில் ஏற்கெனவே காத்திருந்தது. 1964இல் ராத், போர்ட்டர் என்னும் இருவர், இரத்தம் குடித்த பெண் கொசுவின் முட்டைச் செல்லை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்தார்கள். அதன் சவ்வில் ஆங்காங்கே சிறு குழிகள் இருந்தன. குழியின் உட்புறத்தில், அதாவது செல்லின் உள்ளே பார்க்கும் பக்கத்தில், மயிர் முளைத்தது போன்ற ஒரு பூச்சு காணப்பட்டது. முட்டைக்கு வேண்டிய கரு உணவுப் புரதம் இக்குழிகளின் வழியேதான் உள்ளே போகிறது என்று அவர்கள் முடிவு செய்தார்கள். இவற்றைப் பூச்சுக் குழிகள் என்போம்.

அந்தப் பூச்சு எதனால் ஆனது என்பதை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பார்பரா பியர்ஸ் என்னும் அம்மையார் கண்டறிந்தார். பன்றி மூளையிலிருந்து பூச்சுள்ள சிறு பைகளைப் பிரித்தெடுத்து, அவற்றின் முக்கியப் புரதத்துக்கு 1976இல் கிளாத்ரின் என்று பெயரிட்டார். கம்பித் தடுப்பு என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. கிளாத்ரின் மூலக்கூறு வளைந்த மூன்று கால்களையுடைய முக்காலி போன்றது. பல முக்காலிகள் ஒன்றன் காலோடு ஒன்று பின்னிக்கொண்டு, அறுகோணக் கண்களும் ஐங்கோணக் கண்களும் உள்ள கூடையாகின்றன. அறுகோணங்கள் மட்டும் இருந்தால் கூடை பாய் போலத் தட்டையாகவே கிடக்கும். முழு உருண்டையாக மூடிக்கொள்ளப் பன்னிரண்டு ஐங்கோணங்கள் வேண்டும். கால்பந்தின் தோலைத் தைத்திருக்கும் முறையைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

இனி எல்.டி.எல்.லின் பயணத்தைப் பார்ப்போம். பெர்ரிட்டின் என்பது இரும்பு நிறைந்த புரதம். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கரும்புள்ளியாகத் தெரியும். இதை எல்.டி.எல்.லுடன் ஒட்டி, ரிச்சர்ட் ஆண்டர்சன் டல்லாஸ் குழுவினரோடு சேர்ந்து ஆராய்ந்தார். செல்லின் மேற்பரப்பில் பூச்சுக் குழிகள் பிடித்திருக்கும் இடம் வெறும் 2 விழுக்காடுதான். ஆனால் கரும்புள்ளிகளில் பாதிக்கு மேல் அந்தச் சிறு இடத்திலேயே குவிந்திருந்தன! ஏற்பிகள் கண்ட இடத்தில் நிற்பதில்லை. குழிகளில் கூடி நிற்கின்றன. சில நிமிடங்களில் குழி ஆழமாகிறது. அதன் கழுத்தை டைனமின் என்னும் புரதம் வளையம் போலச் சுற்றி இறுக்கித் துண்டிக்கிறது. குழி பையாகி உள்ளே போகிறது. உடனே கிளாத்ரின் கூடை பிரித்தெடுக்கப்பட்டு, முக்காலிகள் அடுத்த குழியைக் கட்டப் போய் விடுகின்றன.

குழியில் கூடுவது எவ்வளவு முக்கியம் என்பதை ஒரே ஒரு நோயாளியின் செல்கள் உணர்த்தின. இவருக்கும் அதே கொடிய நோய். ஆனால் செல்களை 4 டிகிரி குளிரில் வைத்து அடையாளமிட்ட எல்.டி.எல். ஊற்றியபோது, மற்ற நோயாளிகளின் செல்களைப் போலன்றி, அவை அதை நன்றாகவே பற்றிக்கொண்டன. இக்குளிரில் செல்கள் பற்றுமே தவிர விழுங்கா. பின்பு 37 டிகிரிக்குச் சூடாக்கினார்கள். நலமுள்ள செல்லானால் பத்து நிமிடங்களுக்குள் பெரும்பகுதி உள்ளே போய் விடும். உள்ளே போயிற்றா இல்லையா என்று அறிய ஒரு வழி உண்டு. ஹெப்பாரின் ஊற்றினால் வெளியே ஒட்டியிருப்பது மட்டும் கழன்று வரும். உள்ளே போனது வராது. இந்த நோயாளியின் செல்களிலோ எல்.டி.எல். வெளியிலேயே கிடந்தது. நுண்ணோக்கியில் பார்த்தால் ஏற்பிகள் குழிகளில் கூடாமல் மேற்பரப்பெங்கும் சிதறிக் கிடந்தன.

அந்தப் பழுது பின்னர், 1986இல், துல்லியமாகத் தெரிய வந்தது. ஏற்பி 839 அமினோ அமிலங்கள் கோத்த மாலை. இதில் கடைசி 50 அமினோ அமிலங்கள் சவ்வைத் துளைத்து உள்ளே வால் போல நீட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த வாலில் 807ஆம் இடத்தில் டைரோசின் இருக்க வேண்டும். அவருக்கோ சிஸ்டீன் இருந்தது. ஏற்பியின் வாலையும் கிளாத்ரினையும் இணைக்கும் புரதங்கள் அந்த இடத்தைத்தான் அடையாளம் கண்டு பிடிக்கின்றன. ஓர் எழுத்து மாறியது. ஏற்பி குழியைச் சேரவில்லை. பற்றிய கை மடங்கவில்லை என்றே சொல்லலாம்.

உள்ளே போன பையின் கதை இன்னும் சுவையானது. அது எண்டோசோம் என்னும் அறையுடன் கலக்கிறது. அந்த அறையின் சவ்வில் ஹைட்ரஜன் அயனிகளை உள்ளே தள்ளும் பம்புகள் இருப்பதால் உட்புறம் சற்றே அமிலமாகிறது. அமிலத்தில் ஏற்பியை விறைப்பாக வைத்திருந்த கால்சியம் அயனிகள் கழன்று போகின்றன, ஏற்பி தன்மேல் தானே மடங்கிக்கொள்கிறது, எல்.டி.எல். பிடி நழுவி விழுகிறது. விழுந்த எல்.டி.எல். லைசோசோமுக்குப் போய்ச் சிதைக்கப்பட்டு, அதன் கொலஸ்டிரால் செல்லுக்குப் பயன்படுகிறது. ஏற்பியோ அறையின் ஓரத்திலுள்ள மெல்லிய குழல்களில் ஒதுங்கி, மீண்டும் மேற்பரப்புக்கே திரும்பி விடுகிறது.

ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் சுமார் பத்து நிமிடங்கள். ஏற்பியின் ஆயுள் சுமார் 20 மணி. ஆக, ஒரே ஏற்பி நூறு தடவைக்கு மேல் போய் வருகிறது. எல்.டி.எல். கிடைக்காவிட்டாலும், பயணியில்லாத பேருந்து போல, அது சுற்றிக்கொண்டேதான் இருக்கும். ஒரு செல்லில் 20,000 ஏற்பிகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் மணிக்கு ஆறு சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் ஓர் உருண்டை என்றால், மணிக்கு 1,20,000 உருண்டைகள். ஓர் உருண்டையில் 2,000 என்று வைத்தால் 24 கோடிக் கொலஸ்டிரால் மூலக்கூறுகள். எல்லாச் சுற்றிலும் சரக்கு கிடைக்காது என்பதால் இதை மேல் வரம்பாகக் கொள்ள வேண்டும். ஏற்பி திரும்பி வராமல் ஒவ்வொரு முறையும் அழிந்து போவதானால், அதே அளவுக்கு மணிக்கு 1,20,000 புதிய ஏற்பிகளைச் செல் செய்ய வேண்டியிருக்கும். செல்லில் புதுப் புரதம் உண்டாவதை மருந்தால் நிறுத்திய பிறகும் பல மணி நேரம் எல்.டி.எல். விழுங்குவது தொடர்ந்தது என்பதிலிருந்தே இந்தத் திரும்பி வருதல் முதலில் தெரிய வந்தது.

திரும்பி வருவது தடைப்பட்டாலும் அதே நோய்தான். 2003இல் பிரான்சில் சில குடும்பங்களை ஆராய்ந்தபோது, ஏற்பியின் மரபணுவில் பழுதில்லாமலே நோய் இருந்தது. பழுது பி.சி.எஸ்.கே.9 என்னும் வேறொரு புரதத்தில் இருந்தது. இப்புரதம் எல்லோருடைய இரத்தத்திலும் உண்டு. இது ஏற்பியின் மேல் ஒட்டிக்கொண்டு உள்ளே போகும். அமிலத்தில் எல்.டி.எல். பிடி நழுவும், இதுவோ இன்னும் இறுகப் பற்றும். அதனால் ஏற்பி திரும்ப வழியின்றி லைசோசோமில் சிதைந்து போகிறது. அக்குடும்பங்களில் இப்புரதத்தின் ஆற்றல் மிகுந்திருந்ததால் ஏற்பிகள் குறைந்து போயின. இதற்கு மாறாக, இந்தப் புரதம் செயலிழந்து பிறந்தவர்களும் உண்டு. அவர்களுக்கு எல்.டி.எல். குறைவு, மாரடைப்பும் அரிது. இப்புரதத்தைப் பிடித்து முடக்கும் எதிர்ப்பொருள் மருந்துகள் 2015இல் வழக்கத்துக்கு வந்தன. ஊசியாக ஏற்றினால் ஏற்பிகள் பிழைத்துத் திரும்புகின்றன, இரத்தத்தில் எல்.டி.எல். பாதிக்கும் கீழே இறங்குகிறது.

ஆனால் திரும்பி வருவதற்கு ஏற்பி என்று ஒன்று இருக்க வேண்டுமே! இரு மரபணுக்களும் அடியோடு பழுதானவர்களுக்கு இம்மருந்தால் பெரும்பயன் இல்லை. இரத்தத்தை வெளியே எடுத்து எல்.டி.எல்.லை வடிகட்டித் திருப்பி ஏற்றுவது, ஏற்பியை நாடாத வேறு மருந்துகள் ஆகியவைதான் அவர்களுக்குத் துணை. உடலிலுள்ள எல்.டி.எல். ஏற்பிகளில் பெரும்பங்கு கல்லீரலில் இருப்பதால், ஏற்பிகளை மொத்தமாகத் தரக்கூடிய ஒரே வழி கல்லீரலையே மாற்றுவதுதான். பிட்ஸ்பர்க் சிறுமியின் இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 988 மில்லிகிராமாக இருந்த எல்.டி.எல். கொலஸ்டிரால், புதிய கல்லீரல் வேலை செய்யத் தொடங்கிய பின் 184 ஆயிற்று.